கறுப்பு ஓட்டோவா, நீல ஓட்டோவா? செம்மஞ்சள் வெளிச்சத்தின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் பகுதியில் ஒரு சின்ன விபத்து நடந்தது. இஷாத் தொழுகை முடிந்து வீதியோரமாக வீட்டுக்கு நடந்து போன வயதான சாச்சா ஒருவரை ஓட்டோ ஒன்று உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலில் சிராய்ப்பு, கையில் வீக்கம். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிராய்ப்பு ஆறுவதற்கு முன்னரே ஊருக்குள் வேறொரு காயம் தொடங்கிவிட்டது.

விபத்தை இரண்டு பேர் கண்டார்கள். மின்கம்பத்தடியில் நின்ற தம்பி, "என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன் சேர், கறுப்பு ஓட்டோதான்" என்று அடித்துச் சொன்னார். முப்பது அடி தள்சியுள்ள கடையின் காக்கா, "இல்ல, அது நீலம். என்ட கடை வாசலாலதான் போனது" என்றார். தம்பியின் பேச்சைத்தான் ஊர் நம்பியது. அந்தத் தெருவுக்கு அடிக்கடி வந்துபோகும் கறுப்பு ஓட்டோ ஒன்றுதான் உண்டு. அதை ஓட்டுகின்ற பொடியனின் பெயர் இரண்டு நாட்களாக எல்லோர் வாயிலும் அடிபட்டது. அவன் உம்மா கடைக்குப் போகவே கூச்சப்பட்டார். மூன்றாம் நாள் நீல ஓட்டோக்காரர் ஒருவர் தானாகவே சாச்சாவின் வீட்டுக்கு வந்து, பயத்தில் ஓடிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

பொடியனின் பெயர் துடைக்கப்பட்டது. உடனே பேச்சு அடுத்த பக்கம் திரும்பியது. "அந்தத் தம்பி பொய் சொல்லியிருக்கான்" என்று ஆரம்பித்தார்கள். அதுவும் பிழை. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் நின்ற கம்பத்தில் எரிந்தது செம்மஞ்சள் நிறச் சோடியம் விளக்கு. கடை வாசலில் எரிந்தது வெள்ளை எல்ஈடி. இரண்டு பேரும் தங்கள் கண் சொன்னதை அப்படியே சொன்னார்கள்.

ஒரே ஓட்டோ முப்பது அடி இடைவெளியில் எப்படி நிறம் மாறியது? இதற்கு விடை தேடப் போனால் ஆயிரம் ஆண்டு நீளமான ஒரு வரலாறு கிடைக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

நிறம் என்பது துணியிலோ வாகனத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். சட்டை நீலம் என்றால் அது பகலிலும் நீலம், இரவிலும் நீலம், அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலும் நீலம்.

இந்த எண்ணத்தை நிதானமாகக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் முதன்மையானவர் இப்னு அல்-ஹைதம். 965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய 'கிதாப் அல்-மனாளிர்' என்ற ஏழு பாக நூல் பின்னர் இலத்தீனுக்கு மாற்றப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பெரிய அறிஞர்களே நம்பிய காலம் அது. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று அவர் காட்டினார்.

நம் கதைக்கு வேண்டியது அதே நூலில் உள்ள இன்னொரு அவதானம். அடர்ந்த சாயமுள்ள பொருட்கள் மங்கிய இடத்தில் இருண்டு, நிறம் பிரித்தறிய முடியாமல் தோன்றுகின்றன. அதே பொருட்களை நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் நிறம் தெளிந்து துலங்குகிறது. பொருள் மாறவில்லை, அதன்மேல் விழுந்த ஒளிதான் மாறியது. ஆகவே நிறம் தனியாகக் கண்ணுக்கு வருவதில்லை, ஒளியோடு கலந்தே வருகிறது என்று அவர் முடிவு செய்தார். இன்னொன்றையும் சொன்னார். கண் ஒளியை வாங்குவது ஒரு வேலை. வாங்கியதை முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு "இது இன்னது" என்று தீர்ப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலை மிக விரைவாக நடப்பதால் அது நடக்கிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை.

கம்பத்தடித் தம்பியின் கதையில் இந்த இரண்டு வேலைகளும் பிழைத்துப்போயின. முதலில் ஒளியின் பக்கத்தைப் பார்ப்போம்.

*

அடுப்பில் சோறு பொங்கி, உப்புத் தண்ணீர் நெருப்பில் வழியும்போது கவனித்திருக்கிறீர்களா? நீலமாக எரிகின்ற காஸ் அடுப்புச் சுவாலை ஒரு நொடி பளிச்சென்று மஞ்சளாக மாறும். கறியுப்பு என்பது சோடியம் குளோரைட்டு. அதிலுள்ள சோடியம் சூடேறினால் அந்த மஞ்சளைத்தான் விடும். நம் உப்புவெளியின் பெயரில் இருக்கும் உப்புக்குள்ளேதான் நம் வீதி விளக்கின் நிறமும் இருக்கிறது.

1859, 1860ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் பன்சன், கேர்ச்சோப் என்ற இரு நண்பர்கள் இப்படிப்பட்ட சுவாலைகளின் ஒளியை அரியத்தினூடாகச் செலுத்திப் பார்த்தார்கள். நம் பாடசாலை ஆய்வுகூடங்களில் இருக்கும் பன்சன் சுடரடுப்பு இந்தப் பன்சனின் பெயரைத் தாங்கியது. சூரிய ஒளி அரியத்தில் வானவில் பட்டியாக விரியும். சோடியம் சுவாலையின் ஒளி அப்படி விரியவில்லை. சிவப்பு இல்லை, பச்சை இல்லை, நீலம் இல்லை. மஞ்சள் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பிரகாசமான கோடு. கூர்ந்து பார்த்தால் அது மிக நெருக்கமான இரண்டு கோடுகள். அவற்றின் அலைநீளங்கள் 589.0, 589.6 நனோமீற்றர். மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரை பார்க்கக்கூடியது. அந்த முந்நூறு நனோமீற்றர் அகலமான வீதியில் சோடியம் நடப்பது ஒரு நூல் இழை அகலத்தில்.

இந்த ஒளியை விளக்காக்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று பொறியியலாளர்களுக்கு நீண்ட நாள் ஆசை இருந்தது. காரணம் கண்ணின் இயல்புதான். பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நனோமீற்றரில், அதாவது பச்சை கலந்த மஞ்சளில், உச்ச உணர்திறனோடு இருக்கும். சோடியத்தின் 589 அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உச்சத்தில் கண் 100 என்று உணரும் ஒளியை அங்கே 77 அளவில் உணரும். பழைய இழைக் குமிழோ தன் மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பமாகவே வீணாக்கியது.

தடையாக இருந்தது கண்ணாடி. சூடான சோடிய ஆவி சாதாரணக் கண்ணாடியை அரித்துக் கபில நிறமாக்கிவிடும். அமெரிக்காவில் ஆதர் கொம்டன் 1920இலேயே இதற்குத் தாக்குப்பிடிக்கும் கண்ணாடியோடு ஒரு விளக்கைச் செய்து பார்த்தார். ஜேர்மனியில் மார்செல்லோ பிரானி 1931இல் இன்னும் நல்ல கண்ணாடியைக் கண்டார். 1932இல் நெதர்லாந்தின் பீக், கெலீன் என்ற இரு ஊர்களுக்கு இடைப்பட்ட வீதியில் சோடியம் விளக்குகள் எரிந்தன. செலவு குறைவு, வீதி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த விளக்கின் கீழ் நின்ற மனிதர்களின் முகம் பிணத்தின் முகம் போல் சாம்பல் பூத்துத் தெரிந்தது. உதட்டுச் சிவப்பு கறுத்துப்போனது.

நம் ஊரில் நாம் அதிகம் காண்பது அந்த முதல் விளக்கை அல்ல, அதன் தம்பியை. உள்ளே சோடிய ஆவியின் அமுக்கத்தைப் பல மடங்கு கூட்டினால் அந்த மெல்லிய கோடு இருபுறமும் விரிந்து, கொஞ்சம் சிவப்பும் கொஞ்சம் பச்சையும் சேரும். ஆனால் அந்த அமுக்கத்தையும் வெப்பத்தையும் எந்தக் கண்ணாடியும் தாங்காது. 1950களின் இறுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் றொபேட் கோபிள் ஒளி ஊடுருவும் அலுமினா மட்பாண்டம் ஒன்றை உருவாக்கினார். அந்தக் குழாயைக் கொண்டு 1965இல் உயர் அமுக்கச் சோடியம் விளக்கு சந்தைக்கு வந்தது. பழைய குமிழ் ஒரு வாட்ஸ் மின்சாரத்துக்குச் சுமார் 15 லூமன் ஒளி தந்தபோது, இது 100 லூமனுக்கும் மேல் தந்தது. எந்தச் சபையின் கணக்காளர் வேண்டாம் என்பார்? உலகம் முழுவதும் இரவு வானம் செம்மஞ்சளானது அதற்குப் பிறகுதான்.

இந்த விளக்கை நீங்கள் நன்றாக அறிவீர்கள். மாலையில் போட்டவுடன் முதலில் வெளிறிய நிறத்தில் மினுங்கி, சில நிமிடங்களில் மெதுவாகச் செம்மஞ்சளுக்கு ஏறும். ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலும் உடனே எரியாது, ஆறிய பிறகுதான் திரும்ப மூளும். இரவெல்லாம் தானாக அணைந்தும் எரிந்தும் கொண்டிருக்கும் கம்பம் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும், அதற்கொரு பேய்க்கதையும் இருக்கும். அது பேயுமில்லை ஜின்னுமில்லை. வயதான சோடியம் விளக்குக்கு எரிவதற்கான மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். கம்பத்திலுள்ள சோக் கொடுக்கக்கூடிய அளவை அது தாண்டும்போது அணைந்துவிடும். ஆறியதும் மறுபடி எரியும். குமிழை மாற்றும்வரை இந்த நாடகம் தொடரும்.

*

இப்போது ஓட்டோவுக்கு வருவோம்.

நீலப் பெயின்ட் என்பது என்ன? தன்மேல் விழும் ஒளியில் நீலத்தைத் திருப்பி அனுப்பி, மற்றவற்றில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் பூச்சு. விளக்கத்துக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நம் நீல ஓட்டோ தன்மேல் விழும் நீல ஒளியில் நூற்றுக்கு 40 பங்கையும் மஞ்சள் ஒளியில் 5 பங்கையும் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு ஓட்டோ எந்த நிறத்திலும் 4 பங்குதான் அனுப்புகிறது. வெள்ளைச் சாரன் எல்லா நிறத்திலும் 80 பங்கு அனுப்புகிறது. மஞ்சள் சட்டை நீலத்தில் 5 பங்கும் மஞ்சளில் 75 பங்கும் அனுப்புகிறது.

பகலில் எல்லா நிறமும் விழுவதால் இந்த நான்கும் நான்கு விதமாகத் தெரியும். சோடியக் கம்பத்தின் கீழ் விழுவது ஏறக்குறைய மஞ்சள் மட்டும். அப்போது நீல ஓட்டோவிடமிருந்து திரும்புவது 5, கறுப்பு ஓட்டோவிடமிருந்து 4. வெள்ளைச் சாரனிடமிருந்து 80, மஞ்சள் சட்டையிடமிருந்து 75. நீலம் கறுப்பாயிற்று, மஞ்சள் வெள்ளையாயிற்று. நீல ஓட்டோவிடம் திருப்பி அனுப்பத் திறமை இருக்கிறது, ஆனால் அனுப்புவதற்கு நீலம் வரவே இல்லை.

இது ஒளியின் பக்கக் கணக்கு. கண்ணின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது.

1801இல் லண்டன் ரோயல் சொசைட்டியில் தோமஸ் யங் ஒரு கருத்தை முன்வைத்தார். உலகில் எண்ணற்ற நிறங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உணரி விழித்திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க முடியாது. ஆகவே மூன்று வகை உணரிகள்தான் இருக்க வேண்டும், அவற்றின் பதில்களை ஒப்பிட்டே எல்லா நிறமும் உணரப்படுகிறது என்றார். பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. அந்த உணரிகளைத்தான் பாடநூலில் கூம்புகள் என்று படிக்கிறோம். ஒரு வகை நீண்ட அலைக்கு, ஒரு வகை நடுத்தர அலைக்கு, ஒரு வகை குறுகிய அலைக்கு, அதாவது நீலத்துக்கு.

இங்கே முக்கியமான விசயம் ஒன்று. தனியொரு கூம்புக்கு நிறம் தெரியாது. தனக்கு எவ்வளவு ஒளி கிடைத்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். மூன்று கூம்புகளின் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விகிதம் பார்க்கும்போதுதான் நிறம் பிறக்கிறது.

சோடியத்தின் 589 நனோமீற்றர் ஒளி மட்டும் வந்தால் நீண்ட அலைக் கூம்பு நன்றாகப் பதில் சொல்லும், நடுத்தரக் கூம்பு அதில் சுமார் பாதி சொல்லும், நீலக் கூம்பு மௌனம். வெள்ளைச் சாரன் 80, 40, 0 என்ற பதிலைத் தரும். மஞ்சள் சட்டை 75, 37, 0. நீல ஓட்டோ 5, இரண்டரை, 0. கறுப்பு ஓட்டோ 4, 2, 0. விகிதத்தைப் பாருங்கள். எல்லாமே இரண்டுக்கு ஒன்றுக்குப் பூச்சியம். நிறத்தைச் சொல்ல வேண்டிய விகிதம் எல்லாப் பொருளுக்கும் ஒன்றாகிவிட்டால் மூளைக்கு மிஞ்சுவது கூடுதல் குறைவு மட்டும்தான். வெளிச்சமானது, இருண்டது. அவ்வளவே.

உயர் அமுக்க விளக்கில் கொஞ்சம் பிற நிறங்களும் இருப்பதால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அதன் கீழ் சிவப்பு முற்றாகச் சாகாது, மங்கிய செங்கல் நிறமாகத் தெரியும். கரும்பச்சை கபிலத்தோடு குழம்பும். ஆனால் நீலப் பகுதி மிகவும் வறுமையானது. நீலக் கூம்புக்குப் போதிய வேலை இல்லை. விளக்குகளின் நிறத் துல்லியத்தை 100க்கு அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. இழைக் குமிழுக்கு அதில் 100, எல்ஈடி வீதி விளக்குக்குப் பொதுவாக 70க்கு மேல். நம் செம்மஞ்சள் விளக்குக்கு 20 முதல் 25 வரைதான்.

*

இந்த இடத்தில் என் வகுப்புப் பிள்ளையொருவன் நல்லதொரு கேள்வி கேட்டான். "சேர், குப்பி விளக்கும் செம்மஞ்சள்தானே? அதில நிறம் தெரியுதே?"

நம் தலைமுறை குப்பி விளக்கில் படித்தது. 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது இந்தப் பிள்ளைகளும் அதைக் கண்டார்கள். அதன் ஒளி சோடியம் விளக்கைவிட இன்னும் சிவந்தது. ஆனாலும் நீலப் பேனையா கறுப்புப் பேனையா என்று ஓரளவு கண்டுபிடிக்க முடிந்தது. ஏன்?

சுவாலையில் ஒளிர்வது சூடான கரித்துகள்கள். சூடான திண்மப் பொருள் எல்லா நிறத்தையும் தொடர்ச்சியாக விடும். நீலம் குறைவாக இருக்கும், ஆனால் இருக்கும். குறைவாக இருப்பதைச் சரிக்கட்டும் திறமை கண்ணுக்கு உண்டு. ஒவ்வொரு வகைக் கூம்பும் தனக்கு வரும் ஒளி குறைந்தால் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும், கூடினால் குறைத்துக்கொள்ளும். மூளையும் சுற்றியுள்ள பொருட்களையெல்லாம் பார்த்து, "வெளிச்சமே சிவந்தது, ஆகவே இந்தக் கடதாசி வெள்ளைதான்" என்று கழித்துவிடும். 1789இல் பாரிஸில் கஸ்பார் மொஞ்ச் என்ற அறிஞர் இதை ஒரு சபையின் முன் காட்டினார். சிவப்புக் கண்ணாடியினூடாகச் சிவப்புத் தாளைப் பார்க்கச் செய்தார். கடும் சிவப்பாகத் தெரியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது வெளிறி வெண்மையாகத் தெரிந்தது. எல்லாமே சிவந்திருக்கும்போது சிவப்பைக் கண் கழித்துவிட்டது. இப்னு அல்-ஹைதம் சொன்ன அந்த இரண்டாவது வேலை, தீர்ப்புச் சொல்லும் வேலை, இதுதான்.

சோடிய விளக்கின் கீழும் கண் இதே வேலையைச் செய்யத்தான் பார்க்கிறது. குறைந்த சம்பளத்தைச் சிக்கனமாகப் பங்கிட்டுக் குடும்பம் நடத்தலாம். வராத சம்பளத்தை எப்படிப் பங்கிடுவது? நீலமே இல்லாத ஒளியில் நீலக் கூம்பின் உணர்திறனை எவ்வளவு கூட்டினாலும் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது மூளை என்ன செய்கிறது? இருண்டு தெரிவதைக் கறுப்பு என்று தீர்த்துவிடுகிறது. சந்தேகத்தோடு தீர்ப்பதில்லை, முழு நிச்சயத்தோடு தீர்க்கிறது. அதனால்தான் அந்தத் தம்பி அவ்வளவு உறுதியாகச் சொன்னார். கண் தன் பிழையை நமக்கு அறிவிப்பதில்லை.

*

விளக்கே இல்லாத இரவில் நடப்பது இன்னொரு கதை. இதைச் சோடிய விளக்கோடு குழப்பக்கூடாது.

அந்த 2022 மின்வெட்டு நாட்களில் நிலா வெளிச்சத்தில் நடந்தவர்களுக்கு நினைவிருக்கும். வீதி தெரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், ஆனால் எந்தச் சட்டைக்கும் நிறமில்லை. அங்கே ஒளியில் குறையில்லை. நிலவொளி சூரிய ஒளியின் பிரதிபலிப்பு, எல்லா நிறமும் அதில் உண்டு. குறை அளவில். அவ்வளவு மங்கிய ஒளி கூம்புகளை எழுப்பப் போதாது. அப்போது கோல்கள் என்ற வேறு உணரிகள் பார்வையைப் பொறுப்பேற்கின்றன. கோல்கள் ஒரே வகைதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகை இல்லாததால் அவற்றுக்கு நிறமே இல்லை.

கோல்களின் உச்சம் 507 நனோமீற்றரில், நீலம் கலந்த பச்சையில் இருக்கிறது. சிவப்பு அவற்றுக்கு ஏறத்தாழ இருட்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் வைகறையில் பூக்களைப் பார்த்து இதைக் கவனித்தார். பகலில் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்றிருக்கும் சிவப்புப் பூ, விடியாத வேளையில் எல்லாவற்றையும்விடக் கறுப்பாகத் தெரிந்தது. சுபஹுக்கு எழும்புபவர்கள் முற்றத்துச் செவ்வரத்தையில் இதை நாளைக்கே பார்க்கலாம். இலை முதலில் தெரியும், பூ பிறகுதான் தெரியும்.

இந்தக் குணத்தைப் போரும் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் இரவுக் கடமைக்குப் போகும் விமானிகளும் கடற்படையினரும் முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி அணிந்திருப்பார்கள். சிவப்பு கோல்களைக் கூசச் செய்யாததால், வெளியே இருட்டுக்குப் போனவுடன் அவர்களின் கண் தயாராக இருக்கும். இல்லாவிட்டால் கோல்கள் முழுமையாக இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இந்தத் துறைமுக நகரத்தில், இரவில் யாருடைய கண் முதலில் காணும் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலம் அது.

ஆக, நிலவில் நிறம் இல்லாமல் போவது கூம்புகள் உறங்குவதால். சோடிய விளக்கின் கீழ் கூம்புகள் விழித்திருக்கின்றன, ஒளியில்தான் பன்மை இல்லை. முதலாவதில் நிறமே தெரியவில்லை என்று நமக்கே தெரியும். இரண்டாவதில் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆபத்து இரண்டாவதில்தான்.

*

விபத்துக்கு அடுத்த கிழமை, உயர்தர மாணவர்கள் சிலரையும் அவர்களின் வாப்பாமார் இருவரையும் அதே கம்பத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஒரே அளவில் வெட்டிய ஆறு துணித்துண்டுகள் கொண்டுபோனேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கரும்பச்சை, கருநீலம், கறுப்பு. பின்புறத்தில் இலக்கம் மட்டும். ஒவ்வொருவரும் பார்த்து நிறத்தை எழுத வேண்டும். பெரும்பாலானோர் கருநீலத்தைக் கறுப்பு என்று எழுதினார்கள். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பச்சையைக் கபிலம் என்றவர்களும் இருந்தார்கள். பிறகு அதே துண்டுகளைக் கடை வாசல் எல்ஈடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் தங்கள் விடைத்தாளைப் பார்த்துச் சிரித்தார்கள். விபத்தைக் கண்ட அந்தத் தம்பியும் வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. கருநீலத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தடிக்கும் கடை வாசலுக்கும் இரண்டு மூன்று தரம் நடந்தார். பிறகு கறுப்பு ஓட்டோப் பொடியனின் வீட்டுக்குப் போய்வந்ததாக அடுத்த நாள் கேள்விப்பட்டேன்.

நீங்களும் வீட்டில் செய்யலாம். உங்கள் தெரு விளக்கு எந்த வகை என்று அறிய ஒரு பழைய சீடியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் கம்பத்திலிருந்து சற்றுத் தள்ளி நின்று, அதன் மினுங்கும் பக்கத்தில் விளக்கின் பிம்பத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். எல்ஈடி என்றால் வானவில் இடைவெளியின்றி விரியும். உயர் அமுக்கச் சோடியம் என்றால் வானவில் துண்டுதுண்டாக இருக்கும். மஞ்சள் பகுதியின் நடுவில் ஒரு கறுத்த இடைவெளி தெரியும். குழாயின் ஓரத்திலுள்ள சற்று ஆறிய சோடிய ஆவி, நடுவிலிருந்து வரும் தன் சொந்த 589 நனோமீற்றர் ஒளியையே விழுங்கிவிடுவதால் உண்டாகும் இடைவெளி அது. சீடியில் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கவேண்டாம்.

இப்போது பல வீதிகளில் வெள்ளை எல்ஈடி வந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் செம்மஞ்சள் கம்பங்கள் அருகிவிடும். அதுவரையும், ஒரே தெருவில் இரண்டு வகையும் கலந்திருக்கும் இந்த இடைக்காலத்தில்தான் நீலமும் கறுப்பும் அதிகம் குழம்பும்.

ஆகவே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் நடந்த எந்தச் சம்பவத்தையும் யாராவது சாட்சி சொல்லும்போது, "என்ன நிறம்?" என்று கேட்பதற்கு முன்னர், "எந்த விளக்கடியில் கண்டீங்க?" என்று கேளுங்கள். செம்மஞ்சள் விளக்கடியில் கண்ட கறுப்பு, கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ இருக்கலாம். வெள்ளை, மஞ்சளாக இருக்கலாம். நிறத்தைவிட வடிவம், சத்தம், இலக்கத்தகடு, போன திசை ஆகியவற்றை நம்புங்கள். அவற்றைச் சோடியம் மாற்றாது. இரவில் நடந்து தொழுகைக்கும் டியூசனுக்கும் போகின்ற பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெளிர் நிற உடுப்பைப் போட்டுவிடுங்கள். கருநீலம் அழகுதான். ஆனால் நம் தெருவிளக்கின் கீழ் அது இருட்டோடு இருட்டாகிவிடும்.

சாச்சாவின் கை இப்போது நன்றாகிவிட்டது. அன்றிரவு அவர் உடுத்தியிருந்தது என்ன நிறம் என்று கேட்டேன். கருநீலச் சாரன், கபிலச் சேட் என்றார்.